நான்கு மணி நேரத்துக்குள் ஓட எந்த ஊர்?

மராத்தானின் தூரம் எல்லா ஊரிலும் 42.195 கிலோமீட்டர்தான். ஆனால் அதை ஓடி முடிக்க ஆகும் நேரம் ஊருக்கு ஊர் மாறும். கென்யாவின் வில்சன் கிப்சாங் 2013-இல் பெர்லினில் 2 மணி 3 நிமிடம் 23 நொடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். அடுத்த ஆண்டு நியூயார்க்கிலும் அவரே முதலாவதாக வந்தார். அங்கே அவருக்கு ஆன நேரம் 2 மணி 10 நிமிடம் 59 நொடி. ஓடியவர் அவரேதான், பயிற்சிக்கும் குறைவில்லை. ஆனாலும் ஏழரை நிமிடம் கூடிவிட்டது. நியூயார்க்கில் பாலங்கள் இருந்தன, அன்று காற்று பலமாக வீசியது, வேகத்தைப் பிடித்துக் கொடுக்கும் பேசர்களும் அங்கே கிடையாது. 2003 முதல் 2022 வரை ஆண்களுக்கான உலகச் சாதனை பெர்லினில் மட்டும் எட்டு முறை திருத்தப்பட்டது. நியூயார்க்கில் அப்படிச் சாதனை தேடி யாரும் போவதில்லை.

தன் சொந்தச் சிறந்த நேரத்தை முந்த நினைக்கும் சாதாரண ஓட்டக்காரருக்கும் இதே கேள்வி உண்டு. பயிற்சி ஒரு அளவுக்கு வந்த பிறகு, எந்த ஊரில் ஓடுவது என்ற முடிவு சில நிமிடங்களைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். பார்க்க வேண்டியவை நான்கு: பாதையின் ஏற்ற இறக்கம், வழக்கமான வானிலை, கூட்டம், திருப்பங்கள். பெரும்பாலோர் முதலில் பார்ப்பது ஏற்ற இறக்கத்தை. போட்டியின் இணையதளத்தில் அதற்கு ஒரு படம் இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை. நான்கு மணி நேர ஓட்டக்காரருக்கு உண்மையில் அதிக நிமிடங்களைத் தின்பது வானிலை. ஆனாலும் தவறான முடிவுகள் மிகுதியாக நேர்வது ஏற்ற இறக்கத்தில் என்பதால் அங்கிருந்தே தொடங்கலாம்.

பாஸ்டன் சொல்லும் பாடம்

பாஸ்டன் மராத்தான் ஹாப்கின்டன் என்ற சிற்றூரில் தொடங்குகிறது. அது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முடிவுக்கோடு பாஸ்டன் நகரின் நடுவே, கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே. மொத்தத்தில் 140 மீட்டர் இறக்கம். காகிதத்தில் பார்த்தால் இதைவிட வேகமான பாதை எங்கே கிடைக்கும் என்று தோன்றும். 2011-இல் ஜெஃப்ரி முட்டாய் அங்கே 2 மணி 3 நிமிடம் 2 நொடியில் ஓடினார். அன்றைய உலகச் சாதனையை விட அது 57 நொடி குறைவு. ஆனால் அது சாதனையாக ஏற்கப்படவில்லை. உலகச் சாதனைக்குத் தகுதி பெறும் பாதை, தொடக்கத்திலிருந்து முடிவுக்குள் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம், அதாவது 42 மீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. தொடக்கமும் முடிவும் நேர்கோட்டில் ஓட்ட தூரத்தின் பாதிக்கு மேல் விலகியும் இருக்கக் கூடாது. இரண்டாவது விதி காற்றுக்காக வைக்கப்பட்டது. ஒரே திசையில் போகும் பாதையில் பின்னாலிருந்து காற்று வீசினால் கடைசி வரை அது தள்ளிக்கொண்டே போகும். 2011-இல் நடந்தது அதுதான். 2018-இல் அதே பாதையில் குளிர் மழையும் எதிர்காற்றும் அடித்தன. ஜப்பானின் யூகி கவாவுச்சி 2 மணி 15 நிமிடம் 58 நொடியில் ஓடியே வென்றுவிட்டார்.

காற்றை ஒதுக்கிவிட்டு இறக்கத்தை மட்டும் கணக்கிட்டாலும் பாஸ்டன் வேகமான பாதை அல்ல. பயிற்சியாளர்கள் கையாளும் ஓர் அனுபவக் கணக்கு இதற்கு உதவும். 10 மீட்டர் ஏறினால் சுமார் 8 நொடி போகும். 10 மீட்டர் இறங்கினால் சுமார் 5 நொடிதான் திரும்பி வரும். மெதுவாக ஓடுபவர்களுக்கு இரண்டு எண்ணும் சற்றுக் கூடலாம், ஆனால் விகிதம் ஏறக்குறைய இதுவே. இறக்கம் கொடுப்பதை விட ஏற்றம் பறிப்பது அதிகம் என்பதால், ஏறி இறங்கி அதே உயரத்துக்கு வரும் ஒவ்வொரு 10 மீட்டரும் 3 நொடி கடன் வைத்துவிட்டுப் போகும்.

பாஸ்டனில் மொத்த ஏற்றம் சுமார் 250 மீட்டர், மொத்த இறக்கம் சுமார் 390 மீட்டர். ஏற்றத்தால் இழப்பது 200 நொடி, இறக்கத்தால் பெறுவது 195 நொடி. இறங்கி இறங்கிப் போயும் கடைசியில் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. சமதளமான பெர்லினில் மொத்த ஏற்றம் 70 மீட்டரைச் சற்றே தாண்டும். இழப்பு 20 நொடி அளவில். பாலங்கள் நிறைந்த நியூயார்க்கில் ஏற்றமும் இறக்கமும் ஏறத்தாழ 250 மீட்டர். இழப்பு 75 நொடி. இந்தக் கணக்கின்படி, எல்லோரும் அஞ்சும் நியூயார்க்குக்கும் எல்லோரும் விரும்பும் பெர்லினுக்கும் வித்தியாசம் ஒரு நிமிடத்துக்குக் கீழேதான்.

இந்தக் கணக்கு தவறல்ல, ஆனால் முழுமையானதும் அல்ல. ஏற்றம் எவ்வளவு என்பதோடு அது எந்த இடத்தில் வருகிறது என்பதும் முக்கியம். பாஸ்டனின் முதல் ஆறரை கிலோமீட்டரில் பாதை சுமார் 90 மீட்டர் இறங்குகிறது. கால்கள் புதிதாக இருக்கும் அந்த நேரத்தில் வேகம் இலவசமாகக் கிடைப்பது போலத் தோன்றும். ஆனால் இறக்கத்தில் ஒவ்வொரு அடியும் உடலைத் தடுத்து நிறுத்தும் வேலையை முன்தொடைத் தசைகளுக்குக் கொடுக்கிறது. தசை நீண்டுகொண்டே இறுகுவதால் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. அது மூச்சு வாங்கலாக உடனே தெரியாது. இரண்டு மணி நேரம் கழித்து, 26-ஆவது கிலோமீட்டருக்கு மேல் நியூட்டன் குன்றுகள் தொடங்கும்போது தெரியும். அவற்றில் கடைசியான ‘ஹார்ட்பிரேக்’ குன்று வெறும் 27 மீட்டர் உயரந்தான். 5-ஆவது கிலோமீட்டரில் இருந்திருந்தால் அதற்கு யாரும் பெயர்கூட வைத்திருக்க மாட்டார்கள். அது 33-ஆவது கிலோமீட்டரை ஒட்டி நிற்கிறது. மும்பை ஓட்டக்காரர்கள் பல ஆண்டுகளாகப் பெடர் சாலை ஏற்றத்தைப் பற்றிப் புலம்புவதும் அது திரும்பும் வழியில், கடைசிப் பகுதியில் வருவதால்தான்.

எனவே உயரப் படத்தைப் பார்க்கும்போது 25-ஆவது கிலோமீட்டருக்குப் பிறகு உள்ள ஏற்றங்களை மட்டும் தனியே கூட்டிப் பார்ப்பது நல்லது. முதல் பத்து கிலோமீட்டரில் செங்குத்தான இறக்கம் இருந்தால் அதை லாபக் கணக்கில் எழுதக் கூடாது. சென்னை போன்ற சமதள ஊரில் பயிற்சி செய்தவருக்கு இது இன்னும் பொருந்தும். இறங்கும் பழக்கம் இல்லாத தொடை, இறக்கத்தில் முதலில் சோர்ந்துபோகும்.

படத்திலேயே ஒரு பொறியும் உண்டு. வரைபடத்தின் செங்குத்து அளவு போட்டிக்குப் போட்டி மாறும். 15 மீட்டர் வித்தியாசத்தை இமயமலை போலவும் காட்டலாம், 100 மீட்டரைத் தட்டையாகவும் காட்டலாம். ஓட்டக்காரர்களின் கைக்கடிகாரம் பதிவு செய்த ஏற்றமும் நம்பத்தக்கதல்ல. பாலங்களிலும் உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் அது இல்லாத ஏற்றத்தைக் கூட்டிவிடும். இரண்டு பாதைகளை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே மூலத்தின் எண்களையே எடுக்க வேண்டும்.

மலையில் இறங்கியே வேகம் பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி. பாஸ்டன் மராத்தானுக்குத் தகுதி பெற வேறொரு மராத்தானில் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஓடிக் காட்ட வேண்டும். அதற்காகவே மலை உச்சியில் தொடங்கி அடிவாரத்தில் முடியும் ஓட்டங்கள் அமெரிக்காவில் பெருகின. 2027 போட்டிக்கான விண்ணப்பம் முதல், தொடக்கத்திலிருந்து முடிவு வரையிலான நிகர இறக்கம் சுமார் 457 மீட்டரை எட்டும் பாதையில் ஓடிய நேரத்தோடு 5 நிமிடமும், 914 மீட்டரை எட்டினால் 10 நிமிடமும் கூட்டப்படும். 1,829 மீட்டரை எட்டினால் அந்த ஓட்டம் கணக்கிலேயே வராது.

வெயிலை விடக் கொடியது புழுக்கம்

ஓடும் உடல் எரிக்கும் ஆற்றலில் கால் பங்கு அளவே ஓட்டமாக மாறுகிறது, மிச்சம் வெப்பமாக வெளியேற வேண்டும். வெப்பத்தை வெளியேற்ற உடலுக்கு இருக்கும் முக்கிய வழி வியர்வை. அதுவும் வியர்ப்பதால் அல்ல, வியர்வை ஆவியாவதால்தான் உடல் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டும். உடல் இரத்தத்தைத் தோலுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அதனால் தசைக்குக் கிடைக்கும் பங்கு குறையும், இதயம் வேகமாக அடிக்கும், வேகம் தானாக விழும்.

குளிர் நாட்டு ஓட்டங்களின் முடிவுகளை அலசிய ஆய்வுகள், மராத்தானுக்கு ஏற்ற வெப்பநிலை சுமார் 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் என்று காட்டுகின்றன. நம் ஊரில் அந்தக் குளிர் ஊட்டியில்தான் உண்டு. ஆனால் வெப்பநிலை மட்டும் பார்ப்பது போதாது. ஈரப்பதச் சதவீதமோ ஆளை ஏமாற்றும் எண். பிப்ரவரி விடியலில் டெல்லியில் 12 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி விடியலில் சென்னையில் 22 டிகிரி, அதே 85 சதவீதம். சதவீதம் ஒன்றுதான். ஆனால் சென்னைக் காற்றில் உள்ள நீராவி ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இதைச் சரியாகக் காட்டும் எண் பனிநிலை. காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் எந்த வெப்பநிலையில் பனித்துளி படியத் தொடங்குமோ, அதுதான் பனிநிலை. மேலே சொன்ன டெல்லிக் காற்றுக்கு அது 9 டிகிரியைச் சற்றுத் தாண்டும். சென்னைக் காற்றுக்கு 19 டிகிரியைத் தாண்டும். காலை ஏற ஏற ஈரப்பதச் சதவீதம் விழும், பனிநிலை பெரிதாக மாறாது. அதனால்தான் ‘எட்டு மணிக்கு ஈரப்பதம் குறைந்துவிட்டது’ என்று நம்பியவர்கள் எட்டு மணிக்கும் நனைந்துகொண்டே ஓடுகிறார்கள்.

வெப்பநிலையையும் பனிநிலையையும் கூட்டிப் பார்ப்பது பயிற்சியாளர்களிடையே புழங்கும் எளிய வழி. செல்சியஸில் கூட்டுத்தொகை 20-க்குள் இருந்தால் பாதிப்பு இல்லை. 31 வரை போனால் நேரம் ஒரு சதவீதம் வரை கூடலாம், 37 வரை என்றால் இரண்டு, 42 வரை என்றால் மூன்று. 48-ஐத் தொட்டால் நாலரை சதவீதம். நான்கு மணி நேரத்தில் ஒரு சதவீதம் என்பது 2 நிமிடம் 24 நொடி. இது ஆய்வகத்தில் பிறந்த விதியல்ல. வெயிலுக்குப் பழகிய உடலுக்கு இழப்பு குறையும், எடை கூடியவருக்கு மிகும். ஆனாலும் இரண்டு ஊர்களை ஒப்பிட இது போதும். சென்னையில் விடியலில் 40-ஐ ஒட்டியிருக்கும் தொகை, ஓட்டம் முடியும் நேரத்தில் 46-ஐ எட்டும். சராசரியாக 3 சதவீதம் என்று வைத்தாலும் 7 நிமிடம் போய்விடுகிறது. நியூயார்க்கின் எல்லாப் பாலங்களும் சேர்ந்து பறிப்பதைப் போல ஐந்தாறு மடங்கு இது.

சராசரியைப் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். சிகாகோ மராத்தான் அக்டோபர் இரண்டாம் ஞாயிறையொட்டி நடப்பது. வழக்கமாக நல்ல குளிர், தட்டையான பாதை. 2023-இல் கெல்வின் கிப்டம் அங்கேதான் 2 மணி 35 நொடியில் ஓடினார். ஆனால் 2007 அக்டோபர் 7-ஆம் தேதி அதே ஊரில் வெப்பம் 31 டிகிரியைத் தொட்டது. ஓட்டத்தைப் பாதியில் நிறுத்தி ஆயிரக்கணக்கானோரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. பெர்லின் ஓட்டம் செப்டம்பர் கடைசியில். காலையில் 11, 12 டிகிரி என்பது வழக்கம், ஆனால் 2025-இல் ஓட்டத்தின்போது 25 டிகிரி ஆனது. ஸ்பெயினின் வலென்சியா டிசம்பர் முதல் ஞாயிறு நடப்பதால் அங்கே திடீர் வெயிலுக்கு வாய்ப்பு குறைவு. சராசரியில் ஒன்றுபோல் தோன்றும் ஊர்களுக்கு இடையே இந்த நம்பகத்தன்மைதான் வேறுபாடு.

ஆகவே செய்ய வேண்டியது இது. கடந்த பத்து ஆண்டுகளின் ஓட்ட நாட்களை எடுத்து, அவற்றின் மணிவாரி வெப்பநிலையையும் பனிநிலையையும் பழைய வானிலைப் பதிவுகளில் தேடிக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு பத்தில் எத்தனை ஆண்டு கூட்டுத்தொகை 25-க்குள் இருந்தது என்று எண்ண வேண்டும். எட்டு ஆண்டு என்றால் நல்ல ஊர். ஐந்து என்றால் சூதாட்டம்.

அந்தக் கணக்கில் எந்த மணியை எடுப்பது என்பதும் முக்கியம். முன்னணி வீரர் காலை 9.15-க்குப் புறப்பட்டு 11.20-க்குள் முடித்துவிடுவார். பெரிய ஓட்டங்களில் கூட்டத்தை அலை அலையாக விடுவதால் நான்கு மணி நேர ஓட்டக்காரர் அவருக்குப் பின் அரை மணியோ ஒரு மணியோ கழித்தே புறப்படுவார். முடிக்கும்போது பிற்பகல் இரண்டு மணியாகிவிடும். ‘சாதனை படைத்த வானிலை’ என்று செய்தித்தாளில் வருவது அந்த இரண்டு மணி நேரத்தின் வானிலைதான். நான்கு மணிக்காரர் பார்க்க வேண்டிய கட்டம் வேறு.

கூட்டம் இரண்டு வகை

ஓடுபவர்களின் கூட்டமும் பார்ப்பவர்களின் கூட்டமும் வேறு வேறு வேலை செய்கின்றன. முதலாவது பெரும்பாலும் தடை. பெர்லின், நியூயார்க், லண்டன் ஓட்டங்களில் இப்போது ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் ஓடி முடிக்கிறார்கள். சட்டையில் ஒட்டிய சிப், தொடக்கக் கோட்டைத் தாண்டும்போதுதான் கணக்கைத் தொடங்கும் என்பதால் வரிசையில் நிற்பதால் நேரம் போகாது. முதல் ஐந்து கிலோமீட்டரில் முன்னால் போகும் தோள்களுக்கு இடையே சந்து தேடி வளைந்து வளைந்து ஓடுவதில்தான் போகும். அப்படி முந்துவதில் தூரம் கூடுகிறது, வேகம் அடிக்கடி ஏறி இறங்குவதால் சக்தியும் வீணாகிறது. விண்ணப்பத்தில் எதிர்பார்க்கும் நேரத்தை நேர்மையாக எழுதாதவர்கள் வேகமான தொகுதியில் புகுந்து நிற்பதே இந்த நெரிசலுக்குப் பாதிக் காரணம். ஒரு போட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன், பழைய ஓட்டத்துக்கான சான்றைக் கேட்டுத் தொகுதி பிரிக்கிறார்களா, தொடக்கச் சாலை எத்தனை தடம் அகலம் என்று பார்ப்பது பலன் தரும். ஹாப்கின்டனில் அது குறுகலான இருவழிச் சாலை. பெர்லினில் டியர்கார்டன் பூங்காவின் ஊடே போகும் அகன்ற நேர்ச்சாலை.

சின்ன ஓட்டங்களின் சிக்கல் எதிர்த்திசையில் இருக்கிறது. 30-ஆவது கிலோமீட்டரில் முன்னும் பின்னும் நூறு மீட்டருக்கு ஆளே இல்லாமல் போகலாம். காற்றை மறைக்க ஒரு முதுகு கிடைக்காது. வேகம் குறைவதைக் காட்ட பக்கத்தில் ஒரு காலடிச் சத்தமும் இராது. இந்திய ஓட்டங்கள் பலவற்றில் இன்னொரு தொல்லையும் உண்டு. முழு மராத்தான் ஓடுபவர் கடைசிப் பத்து கிலோமீட்டரில் அரை மராத்தான்காரர்களின், 10 கிலோமீட்டர்காரர்களின் கூட்டத்துக்குள் நுழைய வேண்டி வரும். அவர்களில் பாதிப் பேர் கைகோத்து நடந்துகொண்டிருப்பார்கள். பாதை வரைபடத்தில் மற்றப் பிரிவுகள் எங்கே வந்து சேர்கின்றன, அவை எத்தனை மணிக்குப் புறப்படுகின்றன என்று பார்த்தால் இதை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம்.

பார்வையாளர் கூட்டம் கடைசிக் கட்டத்தில் உதவும், முன்கட்டத்தில் கெடுக்கவும் செய்யும். பாஸ்டனில் 20-ஆவது கிலோமீட்டரை ஒட்டி வெல்லெஸ்லி கல்லூரி மாணவிகள் எழுப்பும் கூச்சல் பேர்போனது. அங்கே கடிகாரத்தைப் பார்க்காமல் வேகம் கூட்டியவர்கள் நியூட்டன் குன்றில் அதற்கு வட்டி கட்டுவார்கள்.

கடிகாரம் காட்டும் 42.6

திருப்பங்கள் நேரத்தைத் தின்னும் வழி இரண்டு. கூர்மையான திருப்பத்தில் வேகம் குறைந்து மீண்டும் பிடிக்க வேண்டும் என்பது ஒன்று. மெதுவாக ஓடுபவருக்கு இது சிறியது. சாலை நடுவே ஒரு கூம்பை வைத்து 180 டிகிரி திரும்பச் சொல்லும் இடங்களில்தான் உறைக்கும். 2019-இல் எலியுட் கிப்சோகே இரண்டு மணி நேரத்துக்குள் ஓடிக் காட்டிய வியன்னா முயற்சிக்கு, மரங்கள் சூழ்ந்த நீண்ட நேர்ச்சாலை ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள் என்பதிலிருந்து முன்னணி வீரர்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று ஊகிக்கலாம்.

இரண்டாவது வழிதான் சாதாரண ஓட்டக்காரருக்குப் பெரியது: கூடுதல் தூரம். சான்று பெற்ற பாதையை அளப்பவர்கள் அளவு திருத்திய சைக்கிளில், முன்சக்கரத்தில் பொருத்திய எண்ணியுடன், ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியிலேயே அளக்கிறார்கள். திருப்பங்களில் சாலை ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, இரண்டு திருப்பங்களுக்கு நடுவே குறுக்கே நேர்கோட்டில். பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சேர்த்தும் கொள்கிறார்கள். ஆக, சான்று பெற்ற பாதையில் 42.195-ஐ விடக் குறைவாக யாரும் ஓட முடியாது. அதிகமாக ஓடத் தடையில்லை. ஒரு செங்கோணத் திருப்பத்தில் உள்வட்டத்தை விட்டு 3 மீட்டர் வெளியே ஓடினால் கிட்டத்தட்ட 5 மீட்டர் கூடும். நாற்பது திருப்பங்களில் அப்படி ஓடினால் 190 மீட்டர். தண்ணீர் மேசைக்கு ஒதுங்குவதும் ஆட்களைச் சுற்றி முந்துவதும் சேர்ந்தால் 300, 400 மீட்டர் எளிதாகக் கூடிவிடும்.

நான்கு மணி நேரத்துக்கு வேண்டிய வேகம் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 நொடி. 400 மீட்டர் கூடினால் அந்த வேகத்தில் 2 நிமிடத்துக்கு மேல் போய்விடும். முடிவுக்கோட்டில் கடிகாரம் 42.6 காட்டும்போது ‘பாதையை நீளமாக அளந்துவிட்டார்கள்’ என்று கோபித்துக்கொள்வது வழக்கம். பாதை சரியாகத்தான் இருந்திருக்கும். இதைத் தவிர்க்கக் கடிகாரத்தில் 5.38 வேகத்தைக் குறிவைப்பதே பாதுகாப்பு. பெர்லினிலும் லண்டனிலும் அந்தக் குறுகிய வழியைச் சாலையில் நீலக் கோடாகவே வரைந்து வைக்கிறார்கள். நெரிசலில் எல்லோராலும் அதன் மேல் ஓட முடியாது; கண்ணில் வைத்துக்கொள்ளலாம். சிகாகோவில் வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே ஜி.பி.எஸ். தடுமாறுவதால் கடிகாரத்தை விடச் சாலையோரத் தூரப் பலகையை நம்புவது உசிதம்.

ஒரு கணக்கு

சென்னையில் பயிற்சி செய்யும் ஒருவர், குளிர்ந்த காற்றில், சமதளத்தில், ஒரு மீட்டர்கூட அதிகம் ஓடாமல் 3 மணி 55 நிமிடத்தில் முடிக்கும் தகுதியில் இருக்கிறார் என்று கொள்வோம். குறி, நான்கு மணி நேரத்துக்குள். முன்னால் உள்ள தேர்வுகள் ஜனவரியில் சென்னை, பிப்ரவரிக் கடைசியில் டெல்லி, செப்டம்பரில் பெர்லின், நவம்பரில் நியூயார்க்.

சென்னையில் ஏற்றம் என்று சொல்ல மேம்பாலங்களே உள்ளன, சில நொடிகள். வானிலை 7 நிமிடம். திருப்பங்களும் கூடுதல் தூரமும் ஒரு நிமிடம். மொத்தம் 4 மணி 3 நிமிடம். வீட்டிலிருந்தே போகலாம், ஆனால் குறி எட்டாது.

டெல்லியில் ஏற்றம் அரை நிமிடத்துக்குள். விடியலுக்கு முன் புறப்படும்போது 12, 13 டிகிரி, முடிக்கும்போது 18 அளவில். பனிநிலை 9, 10. கூட்டுத்தொகை 22-இலிருந்து 28 வரை. இழப்பு ஒன்றரை நிமிடம் அளவில். திருப்பங்களுக்கு ஒரு நிமிடம். மொத்தம் 3 மணி 58 நிமிடம்.

பெர்லினில் ஏற்றத்துக்கு 20 நொடி, வழக்கமான ஆண்டின் வானிலைக்கு ஒரு நிமிடத்தை ஒட்டி, நெரிசலிலும் திருப்பத்திலும் கூடும் 300 மீட்டருக்கு ஒன்றே முக்கால் நிமிடம். அங்கேயும் 3 மணி 58 நிமிடம்தான். ஆனால் 2025 போன்ற ஆண்டாக அமைந்தால் இன்னும் நான்கைந்து நிமிடம் கூடி, குறி கைவிட்டுப் போகும். நியூயார்க்கில் வானிலை இழப்பு இல்லை, ஏற்றத்துக்கு 75 நொடி, கூட்டத்துக்கும் கூடுதல் தூரத்துக்கும் இரண்டு நிமிடம். காகிதக் கணக்கு 3 மணி 58 நிமிடத்தைத் தாண்டி வந்து நிற்கிறது. ஆனால் பாலத்து எதிர்காற்றும், சமதளத்திலேயே பழகிய தொடையும் இந்தக் கணக்கில் இல்லை. கிப்சாங்குக்கே ஏழரை நிமிடம் கூடிய பாதை அது.

எண்களுக்கு வெளியே இரண்டு விஷயம் மிச்சம். பெர்லினுக்கான கடும் பயிற்சி ஜூலை, ஆகஸ்டில், சென்னையின் வேக்காட்டில் நடக்க வேண்டும். வெயிலில் பழகிய உடல் குளிரில் நன்றாக ஓடும் என்பது உண்மைதான். ஆனால் வெயிலில் 30 கிலோமீட்டர் ஓட்டங்களை வேண்டிய வேகத்தில் முடிக்க முடியாமல் பயிற்சியே குறைந்துபோவது அதைவிட அடிக்கடி நடக்கிறது. டெல்லிக்கான பயிற்சி நவம்பர் முதல் ஜனவரி வரை. மழைக்கு இரண்டு மூன்று ஞாயிறு பறிபோனாலும் சென்னையில் ஓடத் தகுந்த மாதங்கள் அவைதான். நேர வேறுபாடு, உணவு மாற்றம், குலுக்கலில் இடம் கிடைக்குமா என்ற கவலை எதுவும் இல்லை.

டெல்லிக்கு எதிராக இருப்பது காற்று. பிப்ரவரியிலும் விடியல் நேரத்தில் குளிர்ந்த காற்று தரையோடு தங்கி, தூசியையும் புகையையும் மேலே விடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த ஊர் பொருந்தாது. அவர்கள் வலென்சியாவை நோக்கிச் சேமிப்பதே சரி. மற்றவர்கள் 3.58-ஐ நம்பி டெல்லிக்கு டிக்கெட் எடுக்கலாம். மிச்சம் இருப்பது 2 நிமிடம்தான். அதில் ஒரு கழிவறை வரிசைக்குக்கூட இடமில்லை.